சிற்றினச் செழுமை சமமாயினும் பரிணாம வரலாறு வேறுபடுவது ஏன்? – இனவரலாற்றுப் பன்மை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஓர் உயிரினக் குழுமத்தின் பன்மையை அளக்கச் சிற்றினங்களின் எண்ணிக்கையே பெரும்பாலும் பயன்படுகிறது. இவ்வளவீடு எல்லாச் சிற்றினங்களையும் சமமானவையாகக் கொள்கிறது. அவற்றிடையே உள்ள உறவின் நெருக்கமும் தொலைவும் அதில் பதிவாவதில்லை. இக்குறையை நீக்க டேனியல் ஃபெய்த் 1992ஆம் ஆண்டு முன்வைத்த இனவரலாற்றுப் பன்மை என்னும் அளவீட்டை இக்கட்டுரை விளக்குகிறது. நான்கு நான்கு மரச் சிற்றினங்களைக் கொண்ட இரு குழுமங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அளவீட்டின் கணக்கீடு, ஒரு சிற்றினம் மறைவதால் ஏற்படும் இழப்பு, தற்செயல் எதிர்பார்ப்போடு ஒப்பிடும் முறை ஆகியன படிப்படியாகக் காட்டப்படுகின்றன. தென்னாப்பிரிக்கக் கேப் வட்டாரத் தாவரங்கள் பற்றிய ஆய்வின் வழி இவ்வேறுபாட்டின் காரணமும், இறுதியில் அளவீட்டின் வரம்புகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இனவரலாற்றுப் பன்மை, சிற்றினச் செழுமை, பரிணாம மரம், கிளைநீளம், தற்செயல் மாதிரி, கேப் தாவரத்தொகுதி.

1. முன்னுரை

இரு காட்டுத்துண்டுகளில் ஒன்றை மட்டுமே காக்க இயலும் என்னும் நிலையில் எதனைத் தேர்வது? ஒன்றில் நாற்பது மரச் சிற்றினங்களும் மற்றொன்றில் முப்பதும் இருப்பின், எண்ணிக்கை ஒரு விடையைத் தருகிறது. இரண்டிலும் நாற்பதே இருப்பின் எண்ணிக்கை மௌனமாகிவிடுகிறது. ஆயினும் அவ்விரு காடுகளும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று அதனால் பொருளாகாது.

ஒரு காட்டின் நாற்பது சிற்றினங்களும் அண்மைக் காலத்தில் ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்தவையாக இருக்கலாம். மற்றொரு காட்டின் நாற்பதும் பூக்கும் தாவரங்களின் தொடக்க காலத்திலேயே பிரிந்துபோன பல கால்வழிகளைச் சேர்ந்தவையாக இருக்கலாம். முன்னதை இழந்தால் ஒரு கால்வழியின் நுனிக்கிளைகள் போகும். பின்னதை இழந்தால் அடிக்கிளைகளே போகக்கூடும். இவ்வேறுபாட்டை எண்ணால் குறிக்கும் முயற்சியே இனவரலாற்றுப் பன்மை. 1990களின் தொடக்கத்தில் வேன்-ரைட், ஹம்ஃப்ரிஸ், வில்லியம்ஸ் ஆகியோரும் வகைப்பாட்டு உறவினைப் பாதுகாப்புத் தேர்வுகளில் கணக்கிற்கொள்ள வேண்டும் என வலியுறுத்தினர். கிளைநீளத்தை அடிப்படையாகக் கொண்ட ஃபெய்த்தின் அளவீடு இன்று மிகுதியாகப் பயன்படுவதால் அதுவே இங்கு ஆராயப்படுகிறது.

2. அளவீட்டின் வரையறை

பரிணாம மரத்தின் நுனிகள் இன்று வாழும் சிற்றினங்கள். கணுக்கள் அவற்றின் பொது மூதாதைகள். இரு கணுக்களுக்கு இடையிலோ, ஒரு கணுவுக்கும் நுனிக்கும் இடையிலோ அமைவது கிளை. காலக்கணிப்புச் செய்யப்பட்ட மரத்தில் கிளையின் நீளம் மில்லியன் ஆண்டுகளால் அளக்கப்படும். ஒரு குழுமத்திலுள்ள நுனிகளையெல்லாம் மரத்தின் வேரோடு இணைக்கத் தேவைப்படும் கிளைகளின் நீளங்களைக் கூட்டினால் கிடைப்பதே அக்குழுமத்தின் இனவரலாற்றுப் பன்மை ஆகும். பல சிற்றினங்களுக்குப் பொதுவான கிளை ஒருமுறை மட்டுமே கூட்டப்படும். அளவீட்டின் நுட்பம் முழுவதும் இவ்விதியிலேயே அடங்கியுள்ளது.

இதிலிருந்து ஓர் எல்லையும் பெறப்படுகிறது. வேரின் வயது T, சிற்றினங்களின் எண்ணிக்கை S எனக் கொள்வோம். எல்லாச் சிற்றினங்களும் மிக அண்மையில் பிரிந்திருந்தால் பன்மை T என்னும் அளவை நெருங்கும். எல்லாம் வேரிலேயே பிரிந்திருந்தால் அது S × T ஆகும். சிற்றினச் செழுமை மாறாதிருக்கும்போதே பன்மை இவ்விரு எல்லைகளுக்கிடையே எங்கும் அமையலாம்.

3. ஓர் எடுத்துக்காட்டு

தமிழ்நாட்டின் காடுகளில் காணப்படும் மரங்களைக் கொண்டு இரு சிறு குழுமங்களை அமைத்துக்கொள்வோம். இவை விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. களக் கணக்கெடுப்பின் பட்டியல்கள் அல்ல. பிரிவுக் காலங்களும் கணக்கின் எளிமைக்காக முழு எண்களாக்கப்பட்டுள்ளன.

குழுமம் அ வறண்ட காட்டினது: கருவேல், வெள்வேல், உசில், புரசு. நான்கும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருவேலும் வெள்வேலும் வாச்செல்லியா என்னும் ஒரே பேரினத்தவை. அவை 10 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னும், அவற்றிலிருந்து உசில் 40 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னும், இம்மூன்றிலிருந்து புரசு 65 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னும் பிரிந்தன எனக் கொள்வோம்.

குழுமம் ஆ மலைச்சோலையினது: செண்பகம் (மேக்னோலியா நீலகிரிக்கா), சின்னமோமம் பேரினத்தைச் சேர்ந்த இலவங்கம், சிசீஜியம் பேரினத்தைச் சேர்ந்த நாவல், காட்டுப்பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான். இந்நான்கும் நான்கு வேறு வரிசைகளுக்கு உரியவை. செண்பகமும் இலவங்கமும் 120 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. நாவலும் காட்டுப்பூவரசும் அவ்வாறே 120 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இவ்விரு இணைகளும் 140 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் சந்திக்கின்றன. அச்சந்திப்பே நம் மரத்தின் வேர். அவரைக் குடும்பம் நாவலின் கால்வழியோடு 110 மில்லியன் ஆண்டு ஆழத்தில் இணைகிறது.

குழுமம் அ-வைக் கணக்கிடுவோம். கருவேலுக்கும் வெள்வேலுக்கும் தலா 10. அவ்விரண்டின் பொதுக்கிளை 10இலிருந்து 40 வரை செல்வதால் 30. உசிலுக்கு 40. மூன்றின் பொதுக்கிளை 40இலிருந்து 65 வரை, அதாவது 25. புரசுக்கு 65. இவற்றின் கூட்டுத்தொகை 180. நான்கையும் வேரோடு இணைக்கும் அடிக்கிளை 65இலிருந்து 140 வரை நீள்வதால் மேலும் 75 சேர்ந்து மொத்தம் 255 மில்லியன் ஆண்டுகள்.

குழுமம் ஆ-வில் நான்கு நுனிக்கிளைகளுக்கும் தலா 120 வீதம் 480. இரு இணைகளின் பொதுக்கிளைகள் தலா 20 வீதம் 40. மொத்தம் 520 மில்லியன் ஆண்டுகள். நான்கு சிற்றினங்களுக்கு இம்மரத்தில் கொள்கையளவில் அமையக்கூடிய உச்சம் 560. எனவே குழுமம் ஆ உச்சத்தை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. குழுமம் அ அதில் பாதியைக்கூட எட்டவில்லை. செழுமை இரண்டிற்கும் நான்குதான்.

இக்கணக்கை ஆர் மொழியில் சரிபார்க்க விரும்புவோர் பின்வரும் சிறு நிரலை இயக்கலாம். மரத்தின் வடிவமும் கிளைநீளங்களும் இரண்டாம் கட்டளையில் உள்ளன.

```r
library(picante)
tr <- read.tree(text = "((((((karuvel:10,velvel:10):30,usil:40):25,purasu:65):45,naval:110):10,rhodo:120):20,(senbagam:120,ilavangam:120):20);")
comm <- rbind(A = rep(c(1, 0), each = 4),
              B = rep(c(0, 1), each = 4))
colnames(comm) <- tr$tip.label
pd(comm, tr, include.root = TRUE)
```

இறுதி வரியில் `include.root = FALSE` என மாற்றினால் குழுமம் அ-வின் மதிப்பு 255இலிருந்து 180 ஆகக் குறையும். குழுமம் ஆ-வின் மதிப்பு 520 ஆகவே நிற்கும். குழுமம் ஆ-வின் சிற்றினங்கள் வேரின் இருபுறமும் பரவியிருப்பதே இதற்குக் காரணம். வேரைச் சேர்த்தால் இரு குழுமங்களின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்கு. சேர்க்காவிடில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே வேர் சேர்க்கப்பட்டதா, எந்தக் கணு வேராகக் கொள்ளப்பட்டது என்பவற்றைக் குறிப்பிடாத மதிப்புகளை வேறோர் ஆய்வின் மதிப்புகளோடு ஒப்பிடுதல் தகாது.

4. இழப்பின் கணக்கு

இவ்வளவீட்டின் பயன் இழப்பைக் கணக்கிடுகையில் தெளிவாகிறது. குழுமம் அ-வில் வெள்வேல் மறைந்தால் செழுமை ஒன்று குறையும். பன்மையில் குறைவது 10 மட்டுமே. அதன் வரலாற்றின் எஞ்சிய பகுதியைக் கருவேல் இன்னும் தாங்கி நிற்கிறது. குழுமம் ஆ-வில் செண்பகம் மறைந்தாலும் செழுமை ஒன்றே குறையும். பன்மையில் குறைவதோ 120.

இழப்புகள் எளிய கூட்டலுக்கு உட்படுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. செண்பகம் மட்டும் மறைந்தால் இழப்பு 120. இலவங்கம் மட்டும் மறைந்தாலும் 120. இரண்டும் மறைந்தால் 240 அன்று, 260. இரண்டிற்கும் பொதுவான 20 மில்லியன் ஆண்டுக் கிளையைத் தாங்க ஒருவரும் எஞ்சாமையால் அதுவும் உடன்போகிறது. எனவே ஒரு சிற்றினத்தின் மதிப்பு அதன் உறவினங்கள் எஞ்சியுள்ளனவா என்பதைப் பொறுத்து மாறுகிறது. சிற்றினங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டு மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இவ்விளைவைத் தவறவிடக்கூடும்.

இதே விதி பகுதிகளைச் சேர்க்கும்போதும் செயற்படுகிறது. இரு குழுமங்களையும் ஒருங்கே காத்தால் கிடைப்பது 775 அன்று, 745. வேருக்கும் அவரை–நாவல் கணுவுக்கும் இடைப்பட்ட 30 மில்லியன் ஆண்டுக் கிளை இரண்டிற்கும் பொதுவானது. ஆகவே ஏற்கெனவே காக்கப்பட்ட ஒரு காட்டோடு இரண்டாவதைத் தேரும்போது கேட்க வேண்டியது, இரண்டாவதன் தனிப் பன்மை எவ்வளவு என்பதன்று. முதலாவதில் இல்லாத கிளைநீளம் எவ்வளவு சேர்கிறது என்பதே.

5. தற்செயலோடு ஒப்பிடல்

255க்கும் 520க்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகத் தோன்றுகிறது. ஆயினும் ஒரு குழுமம் நெருங்கிய உறவினங்களால் ஆனது என்று கூற, நான்கு சிற்றினங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை அறிதல் வேண்டும். நம் எடுத்துக்காட்டு சிறியதாகையால் இதனை முழுமையாகவே கணக்கிடலாம். எட்டுச் சிற்றினங்களிலிருந்து நான்கைத் தெரிவு செய்யும் வழிகள் 70. அவை தரும் பன்மையின் சராசரி ஏறத்தாழ 434.

குழுமம் அ இச்சராசரிக்கு 179 குறைந்து நிற்கிறது. 70 தெரிவுகளில் 255 என்னும் மதிப்பைத் தருவது அது ஒன்றே. மற்றவை அனைத்தும் அதனினும் மிகுதி. எனவே தற்செயலாக இவ்வளவு குறைவாக அமையும் நிகழ்தகவு 1/70, அதாவது ஏறத்தாழ 0.014. குழுமம் ஆ சராசரியை விட 86 மிகுந்து நிற்கிறது. இத்தொகுப்பில் பெறக்கூடிய உச்ச மதிப்பு அதுவேயெனினும் ஐந்து தெரிவுகள் அதே 520ஐத் தருகின்றன. செண்பகம், இலவங்கம், காட்டுப்பூவரசு ஆகிய மூன்றோடு எஞ்சிய ஐந்தில் எதைச் சேர்த்தாலும் விளைவு ஒன்றுதான். ஆகவே நிகழ்தகவு 5/70, ஏறத்தாழ 0.07. வழக்கமான 0.05 எல்லையை ஒருபுறச் சோதனையாகக் கொண்டால், குழுமம் அ நெருங்கிய உறவினங்களின் திரள் என உறுதியாகக் கூறலாம். குழுமம் ஆ எதிர்பார்ப்பை விடப் பரந்தது என அதே உறுதியோடு கூற இயலாது.

உண்மையான ஆய்வுகளில் தெரிவுகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகையால் கணினி வழியே பல நூறு முறை தற்செயல் தெரிவு செய்து, கண்ட மதிப்பிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுப்பர். மேற்குறித்த தொகுப்பில் `ses.pd` என்னும் செயற்கூறு இதனைச் செய்கிறது. செழுமை மிகும்போது பன்மையும் தானே மிகுவதால், எண்ணிக்கை சமமில்லாத குழுமங்களை ஒப்பிட இத்திருத்தம் இன்றியமையாதது.

இங்கு விளைவை முடிவு செய்வது எந்தத் தொகுப்பிலிருந்து எடுக்கிறோம் என்பதே. நம் தொகுப்பில் எட்டில் நான்கு அவரைக் குடும்பத்தவை. மாவட்டத்தின் எல்லா மரங்களையும் தொகுப்பாகக் கொண்டிருந்தால் சராசரியும் நிகழ்தகவும் வேறாயிருக்கும். மலைச்சோலையையும் முட்காட்டையும் ஒரே தொகுப்பில் இடுவது, ஒரு மரம் இரண்டிலும் வந்து சேர வாய்ப்பிருந்தது என்னும் கருத்தை உட்கொண்டது. அக்கருத்து பொருந்துமா என்பதை ஆய்வாளர் தம் கேள்விக்கேற்ப நியாயப்படுத்தல் வேண்டும்.

6. கேப் வட்டாரம் காட்டும் காரணம்

இவ்வேறுபாடு இயற்கையில் எவ்வாறு தோன்றுகிறது? 2007ஆம் ஆண்டு ஃபெலிக்ஸ் ஃபாரஸ்ட்டும் அவர்தம் குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு முனையிலுள்ள கேப் வட்டாரம், ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 9,000 தாவரச் சிற்றினங்களைக் கொண்டது. அவற்றுள் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டவை வேறெங்கும் இல்லாதவை. ஆய்வாளர்கள் 735 பேரினங்களின் பசுங்கணிக மரபணுவாகிய ஆர்பிசிஎல் வரிசைகளைக் கொண்டு பரிணாம மரம் அமைத்தனர். பின்னர் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பேரினங்களின் எண்ணிக்கையையும் இனவரலாற்றுப் பன்மையையும் கணக்கிட்டு ஒப்பிட்டனர்.

மேற்குப் பகுதியின் பன்மை, அங்குள்ள பேரினங்களின் எண்ணிக்கையைக் கொண்டு எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தது. கிழக்குப் பகுதியில் அது எதிர்பார்த்ததை விட மிகுதி. மேற்கின் செழுமை, அங்கேயே ஒரு சில கால்வழிகள் மிகுதியாகக் கிளைத்ததன் விளைவு. அவ்வாறு பெருகிய நுனிகள் உறவில் நெருங்கியவை. கிழக்கிலோ கேப் தாவரங்கள் அண்டை நிலப்பரப்புகளின் தாவரங்களோடு கலக்கின்றன. வெவ்வேறு இடங்களில் வளர்ந்த தொலைவான கால்வழிகள் ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்கின்றன.

ஆக, ஒரே எண்ணிக்கை இருவேறு வரலாறுகளால் அடையப்படுகிறது: ஓரிடத்தில் கிளைத்துப் பெருகுதல் ஒன்று, பல இடங்களிலிருந்து வந்து கூடுதல் மற்றொன்று. எண்ணிக்கையை மட்டும் கொண்டு பாதுகாப்பிடங்களைத் தேர்ந்தால் மேற்கு முன்னிற்கும். பன்மையைக் கொண்டு தேர்ந்தால் கிழக்கின் கட்டங்களும் இடம்பெறும். இதனால் மேற்கு காக்கத் தகாதது என்று ஆகாது. அண்மையில் வேகமாகக் கிளைத்த கால்வழிகளின் பிறப்பிடம் என்னும் சிறப்பு அதற்குண்டு. அச்சிறப்பை இவ்வளவீடு அளப்பதில்லை.

7. அளவீட்டின் வரம்புகள்

முதலாவது, மிகத் தொலைவான ஓர் உறவினம் மொத்தக் கணக்கையும் ஆட்கொள்ளுதல். மேற்குத் தொடர்ச்சி மலையின் இயல்பு ஊசியிலை மரம் நாகேயியா வாலிச்சியானா. குழுமம் ஆ-வில் இம்மரம் ஒன்று கூடுதலாக இருந்ததாகக் கொள்வோம். விதைமூடியில்லாத் தாவரங்களும் பூக்கும் தாவரங்களும் 330 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன எனக் கொண்டால், வேர் அங்கே நகர்கிறது. பழைய 520உடன், பழைய வேரிலிருந்து புதிய வேர்வரை 190உம், இம்மரத்திற்கென 330உம் சேர்ந்து 1,040 ஆகிறது. ஒரே ஒரு மரம் பன்மையை இரட்டித்துவிட்டது. இத்தகைய தரவில் கட்டங்களுக்கிடையிலான வேறுபாடு ஊசியிலை மரமோ மரப்பெரணியோ இருக்கிறதா இல்லையா என்பதையே பெரிதும் காட்டும். அவற்றைச் சேர்த்தும் நீக்கியும் இருமுறை கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா எனப் பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழி.

இரண்டாவது, மரத்தின் தெளிவின்மை. பல ஆய்வுகளில் பேரினம் வரையே உறவு தெரிகிறது. அதன் சிற்றினங்கள் ஒரே கணுவிலிருந்து விசிறிபோலக் கிளைப்பனவாக வைக்கப்படுகின்றன. அக்கணு பேரினத்தின் வயதில் வைக்கப்பட்டால் ஒவ்வொரு சிற்றினத்திற்கும் மிகை நீளம் கிடைத்து, அண்மையில் பெருகிய பேரினங்கள் உள்ள குழுமங்களின் பன்மை செயற்கையாக உயரும். குழுமம் அ-வின் வகையினவே இதனால் மிகுதியும் பாதிக்கப்படும். இரு குழுமங்களுக்கிடையே உள்ள உண்மையான இடைவெளி சுருங்கித் தோன்றும்.

மூன்றாவது, பன்மை எதற்குச் சான்றாகும் என்பது. தொலைவான உறவினங்கள் வேறுபட்ட பண்புகளைக் கொண்டிருக்கும், ஆகவே கிளைநீளத்தைக் காத்தால் பண்புகளின் பன்மையும் காக்கப்படும் என்னும் எதிர்பார்ப்பே ஃபெய்த்தின் அளவீட்டிற்கு அடிப்படை. மாசெல் குழுவினர் 2018ஆம் ஆண்டு 15,000க்கு மேற்பட்ட முதுகெலும்பிச் சிற்றினங்களின் தரவுகொண்டு இதனைச் சோதித்தனர். பன்மையை உச்சமாக்கும் தெரிவு, தற்செயல் தெரிவை விடச் சராசரியாக 18 விழுக்காடு மிகுதியான செயற்பண்புப் பன்மையைத் தந்தது. ஆயினும் 36 விழுக்காட்டு ஒப்பீடுகளில் அது தற்செயல் தெரிவினும் குறைவாகவே தந்தது. எனவே பண்புகளே ஆய்வின் நோக்கமாயின் அவற்றை நேரடியாக அளத்தல் வேண்டும். கிளைநீளம் அதற்கு முழுமையான மாற்றாகாது.

8. முடிவுரை

சிற்றினச் செழுமை மரத்தின் நுனிகளை எண்ணுகிறது; இனவரலாற்றுப் பன்மை அந்நுனிகளைத் தாங்கும் கிளைகளை அளக்கிறது. நுனிகள் சமமாயிருக்க, அவை எவ்வளவு ஆழத்தில் பிரிந்தன என்பதால் கிளைகள் வேறுபடுகின்றன. நம் எடுத்துக்காட்டில் நான்கு சிற்றினங்கள் 255 மில்லியன் ஆண்டுகளையும், வேறு நான்கு 520 மில்லியன் ஆண்டுகளையும் தாங்கின. கேப் வட்டாரத்தில் இத்தகைய வேறுபாட்டிற்கு ஓரிடப் பெருக்கமும் பலவிடக் கூடலும் காரணங்களாயின. இவ்வளவீட்டை வெளியிடும் ஆய்வு, மரத்தின் வேர், சிற்றினத் தொகுப்பு, தொலைவான உறவினங்களைச் சேர்த்த முறை ஆகிய மூன்றையும் உடன் கூறுதல் வேண்டும். அவை தெரிந்தால்தான் இரு காடுகளின் எண்களுக்கிடையிலான வேறுபாடு காடுகளினுடையதா, கணக்கீட்டு முறையினுடையதா என்பதைப் படிப்போர் தாமே பிரித்தறிய இயலும்.